‘தங்கச்சி’ என்ற சொல் எப்போது காணாமல் போனது?

கைத்தறி நெய்பவர்கள், வீட்டில் தையல் தைப்பவர்கள், இடியப்பம் அவித்துக் கடைகளுக்குக் கொடுப்பவர்கள் என்று நாளாந்தம் பல சகோதரிகளைச் சந்திப்பது எனது தொழில். தொழிலில் என்ன கஷ்டம் என்று கேட்டால் நூல் விலை, கடன், மழைக்காலம் என்று வரிசையாகச் சொல்வார்கள். எழுந்து புறப்படும் நேரத்தில்தான் சிலர் குரலைத் தாழ்த்தி இன்னொரு விடயத்தைச் சொல்வார்கள். “அந்தக் காக்கா நல்ல மனிசன்தான். ஆனா இப்ப கொஞ்ச நாளா ஒரு மாதிரிக் கதைக்கிறாரு. நான் பிழையா விளங்குறனோ தெரியல்ல” என்பார்கள்.

அவர் திட்டவில்லை, மிரட்டவில்லை, கையைப் பிடிக்கவில்லை. புகழ்கிறார். அதனால்தான் இது சிக்கலாகிறது. ஏசினால் ஏசினார் என்று சொல்லலாம். புகழ்ந்தவரைப் பற்றி யாரிடம் போய் என்ன சொல்வது? அதுவும் கணவனை இழந்த பெண் சொன்னால் ஊர்வாய் முதலில் அவளைத்தானே பார்க்கும்!

மருதமுனையைச் சேர்ந்த ஒரு சகோதரியின் விடயத்தை அவருடைய சம்மதத்துடன் இங்கே எழுதுகிறேன். ஆளை அடையாளம் காணாதபடி சில விபரங்களை மாற்றியிருக்கிறேன். அவருக்கு நாற்பது வயது கடந்துவிட்டது. கணவரை யுத்த காலத்தில் இழந்தவர். வாப்பாவின் தறிகள் 2004 டிசம்பர் 26 இல் கடலோடு போயின. பின்னர் கிடைத்த உதவியில் இரண்டு தறிகளைப் போட்டுக்கொண்டார். ஒன்றில் அவர் நெய்கிறார். மற்றதில் பக்கத்து வீட்டு ராத்தா ஒருவர் கூலிக்கு நெய்கிறார். அவருக்கு வயது அறுபதுக்குக் கிட்ட. இரண்டு தறியிலும் சேர்த்துக் கிழமைக்குப் பத்துச் சாரி வரும்.

அந்தப் பத்தில் எட்டை ஒரே வியாபாரி எடுத்தார். வெளியூர்க்காரர், ஐம்பது வயதளவு, குடும்பஸ்தர். முதல் ஒரு வருடம் எந்தக் குறையும் இல்லை. “தங்கச்சி, கரை நல்லா வந்திருக்கு”, “தங்கச்சி, இந்த நிறம் கடையில உடனே போய்ட்டு” என்பதுதான் அவருடைய பேச்சு. இது தொழில் பேச்சு. எந்த நிறம் போகிறது என்று தெரிந்தால்தான் அடுத்த பாவுக்கு என்ன நூல் போடுவது என்று தீர்மானிக்கலாம். நல்ல வியாபாரி புகழும்போது அந்தப் புகழுக்குள் ஒரு தகவல் இருக்கும்.

பிறகு புகழ் இடம் மாறத் தொடங்கியது. “உங்கட கைக்கு ஒரு ராசி இருக்கு” என்றார். துணியிலிருந்து கைக்கு வந்துவிட்டது. இதுவும் ஊரில் எல்லோரும் சொல்வதுதான், பரவாயில்லை. அடுத்து, “இவ்வளவு கஷ்டத்திலயும் முகம் வாடாம இருக்கிறீங்களே” என்றார். அதற்கடுத்து, “இப்படி ஒரு ஆள் எங்கட வீட்டில இருந்திருந்தா என்ர வாழ்க்கையே வேற” என்றார். கடைசியில், “நீங்க தனிய இருந்து படுற பாடு எனக்குத்தான் தெரியும்” என்றார். துணி, கை, முகம், தனிமை என்று எட்டு மாதத்தில் நடந்த பயணம் இது. ஒவ்வொரு படியும் சிறியது. அதனால் எந்த ஒரு நாளிலும் “இது சரியில்லை” என்று சொல்ல அவருக்கு ஒரு பிடி கிடைக்கவில்லை.

நான் அவரிடம் கேட்ட முதல் கேள்வி, “அவர் உங்களை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்?” என்பது. கொஞ்சம் யோசித்தார். “முந்தித் தங்கச்சி எண்டுதான் சொல்வாரு. இப்ப சொல்றல்ல” என்றார். எப்போதிருந்து? நோன்புப் பெருநாளுக்குப் பிறகு. இப்போது எப்படிக் கூப்பிடுகிறார்? “ஒண்டும் சொல்லிக் கூப்பிடுறல்ல. நீங்க எண்டு மட்டும்.”

நமது ஊர்களில் அந்நியரான ஆணும் பெண்ணும் வியாபாரம் பேச முடிவது இந்த முறைச்சொற்களின் தயவில்தான். காக்கா, தங்கச்சி, ராத்தா, மகள் என்று ஒரு சொல்லை நடுவில் வைத்துக்கொள்கிறோம். அது பாசத்தைக் காட்டுகிறது, எல்லையையும் காட்டுகிறது. அந்தச் சொல்லை ஒருவர் காரணமில்லாமல் கைவிட்டால், பெரும்பாலும் அவர் அந்த எல்லை தனக்குத் தேவையில்லை என்று நினைக்கத் தொடங்கிவிட்டார். மற்ற ஊர்களுக்கு இது பொருந்துமோ தெரியாது, எங்கள் பக்கத்தில் நான் முதலில் பார்ப்பது இதைத்தான். ஆனால் தங்கச்சி என்று சொல்லிக்கொண்டே எல்லை மீறுகிறவர்களும் இருக்கிறார்கள். எனவே இந்த ஓர் அடையாளத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடக் கூடாது.

இரண்டாவது கேள்வி, மற்றத் தறி ராத்தாவைப் பற்றியது. எட்டுச் சாரிகளில் பாதி அந்த ராத்தா நெய்தவை. அவருடைய கைராசியைப் பற்றி வியாபாரி என்றாவது ஏதாவது சொன்னாரா? இல்லை. பார்த்தால் ஸலாம் சொல்வார், அவ்வளவுதான். தொழில்முறை அன்பு என்பது பெரும்பாலும் எல்லோருக்கும் ஒரே அளவில் கிடைப்பது. வங்கியில் இருக்கும் பிள்ளை எனக்கும் சிரிப்பாள், எனக்கு அடுத்து நிற்கும் கிழவருக்கும் சிரிப்பாள். அதே வேலையைச் செய்யும் வயதான பெண்ணுக்குக் கிடைக்காத புகழ் எனக்கு மட்டும் கிடைக்கிறது என்றால் அது வேலைக்கான புகழ் அல்ல.

இங்கே ஆண்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு தொடங்குவதில்லை. அமெரிக்காவில் அன்டோனியா அபே என்ற உளவியலாளர் 1982 இல் ஓர் ஆய்வை வெளியிட்டார். முன்பின் தெரியாத ஓர் ஆணையும் பெண்ணையும் ஐந்து நிமிடம் பேசவைத்தார். இன்னோர் ஆணும் பெண்ணும் மறைவிலிருந்து அதைப் பார்த்தார்கள். பிறகு கேட்டபோது, அந்தப் பெண் வெறுமனே சிநேகமாகப் பேசியதை ஆண்கள், பெண்களைவிட அதிகமாக, வேறு நாட்டத்துடன் பேசியதாக எடுத்துக்கொண்டிருந்தார்கள். பேசிய ஆண் மட்டுமல்ல, மறைவில் இருந்து பார்த்த ஆணும் அப்படித்தான் நினைத்தான்.

அதே நாட்டில் 1998 இல் சேஃப்வே என்ற பெரிய கடைத்தொகுதியில் நடந்ததும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டியது. ஊழியர்கள் வாடிக்கையாளரின் கண்ணைப் பார்த்துச் சிரிக்க வேண்டும், அட்டையில் உள்ள பெயரைப் பார்த்துப் பெயர் சொல்லி நன்றி கூற வேண்டும் என்று நிர்வாகம் கட்டளையிட்டிருந்தது. சில ஆண்கள் அந்தச் சிரிப்பை அழைப்பு என்று எடுத்துக்கொண்டு தொல்லை கொடுக்கிறார்கள் என்று பெண் ஊழியர்கள் முறைப்பாடு செய்தார்கள். சிரிப்பது அவர்களுடைய வேலை. அந்த வேலைக்குத்தான் சம்பளம். எதிரில் நின்றவருக்கு அது விளங்கவில்லை.

சமூகவியல் படித்த காலத்தில் ஆர்லி ஹோக்ஷில்ட் 1983 இல் எழுதிய நூலொன்றைப் பற்றி எங்களுக்குப் படிப்பித்தார்கள். விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்த நூல் அது. விமானத்தின் உட்பகுதியை உங்கள் வீட்டு வரவேற்பறை என்றும் பயணிகளை வீட்டுக்கு வந்த விருந்தினர் என்றும் நினைத்துக்கொள்ளுங்கள் என்று அவர்களுக்குப் பயிற்சியளித்தார்களாம். எனக்கு அப்போது அது புதுமையாக இருந்தது. இங்கே வந்து வேலை செய்யத் தொடங்கிய பிறகுதான் அதன் மறுபக்கம் விளங்கியது. நமது சகோதரிகள் நினைத்துக்கொள்ளத் தேவையில்லை. தறி கிடப்பதே அவர்கள் வீட்டு விறாந்தையில்தான். சாமான் எடுக்க வருகிறவர் உண்மையிலேயே வீட்டுக்கு வருகிறார், கதிரையில் உட்காருகிறார், தேத்தண்ணி குடிக்கிறார். பிள்ளையின் பெயர் அவருக்குத் தெரியும். அவர் வாடிக்கையாளரா, விருந்தினரா என்பது அவருக்கே மறந்துபோக இடமுண்டு. இந்தச் சகோதரி கொடுத்த தேத்தண்ணியும் கேட்ட “வீட்டில எல்லாரும் சுகமா?” என்ற கேள்வியும் பிழையல்ல. அதை ஒரு பதிலாக எடுத்துக்கொண்டது அவர்தான்.

தவறாக விளங்கிக்கொண்டவரையும் தெரிந்தே செய்கிறவரையும் எப்படிப் பிரித்தறிவது? மனதைத் திறந்து பார்க்க முடியாது. ஆனால் கணக்கைப் பார்க்கலாம். நானும் அந்தச் சகோதரியும் ஒரு பின்னேரம் கொப்பியும் பேனையுமாக உட்கார்ந்தோம்.

ஒரு சாரிக்கு அந்த வியாபாரி 3,500 ரூபா கொடுத்தார். அதே சாரிக்கு ஊரில் மற்றவர்கள் கொடுப்பது 3,200. கிழமைக்கு எட்டுச் சாரி என்றால் 2,400 ரூபா மேலதிகம். இந்த மேலதிகம் தொடக்கத்தில் இல்லை. ‘தங்கச்சி’ காணாமல் போன அதே பருவத்தில்தான் வந்தது. அதோடு நூல் வாங்க என்று 60,000 ரூபா முற்பணமும் கொடுத்திருந்தார். எழுத்தில் எதுவும் இல்லை. “நமக்குள்ள என்ன எழுத்து?” என்று சொன்னாராம். இரவு பத்து மணிக்குப் பிறகு வட்ஸ்அப்பில் வந்த செய்திகளையும் பார்த்தோம். சாரி பற்றிய செய்திகள் எல்லாம் பகலில் வந்திருந்தன. இரவில் வந்தவற்றில் சாரி பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. “நித்திரையா?”, “இண்டைக்குப் போட்ட நிறம் உங்களுக்கு நல்லாருந்த”, “இத ஒருத்தருக்கும் காட்ட வேணாம்” என்பவைதான் அவை.

எனக்கு அந்தக் கடைசி வரி போதுமாக இருந்தது. நாங்கள் சமூகப் பணியாளர்கள் ஒரு பெண்ணின் வீட்டுக்குப் போய் அவருடைய பிள்ளையின் படிப்பை, அவருடைய நோயை, அழுகையை எல்லாம் விசாரிக்கிறோம். உண்மையான அக்கறையோடுதான் விசாரிக்கிறோம். ஆனால் விசாரித்ததைக் கோவையில் எழுதுகிறோம். மேலதிகாரி அதைப் படிப்பார். எழுத முடியாத அன்பை நான் அங்கே காட்டினால் அது என் தொழில் அல்ல. வியாபாரிக்கும் இதே கணக்குத்தான். கொடுத்த 300 ரூபா மேலதிகத்தைப் பற்றுச்சீட்டில் என்ன பெயரில் எழுதுவார்? “நல்ல கரைக்கு” என்று எழுத முடிந்தால் அது விலை. எழுத முடியாது என்றால் அது வேறொன்றுக்காகக் கொடுத்தது.

ஒரு விடயத்தை இந்தச் சகோதரியிடம் நேராகவே கேட்டேன். அவர் மீது உங்களுக்கு விருப்பம் இருக்கிறதா? இருந்தால் அது குற்றமில்லை. கணவனை இழந்தவர் மறுமணம் செய்வதை மார்க்கமும் தடுக்கவில்லை, சட்டமும் தடுக்கவில்லை. ஆனால் அதற்கு நமது பக்கத்தில் ஒரு நேரான பாதை இருக்கிறது. விருப்பமுள்ளவர் உம்மாவையோ ராத்தாவையோ அனுப்புவார், அல்லது பெண்ணின் காக்காமாரிடம் பேசுவார். ஏற்கனவே திருமணமானவர் என்றால், 1951 ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டத்தின்படி 30 நாட்களுக்கு முன்னர் காதியாருக்கு அறிவித்தல் கொடுக்க வேண்டும். அந்தப் பாதையில் “ஒருத்தருக்கும் காட்ட வேணாம்” என்ற வாசகத்துக்கு இடமில்லை. சகோதரி சிரித்துவிட்டு, “எனக்கு அப்படி ஒண்டும் இல்லகா. யாவாரம் நிண்டுருமோ எண்டுதான் பயம்” என்றார். அப்போதும் சொன்னேன், விருப்பம் இருந்தாலும் முதலில் அந்த 60,000 தீர வேண்டும் என்று. கடன் பட்டவளாக இருந்துகொண்டு சொல்கிற ஓம் எது, கடன் இல்லாதவளாகச் சொல்கிற ஓம் எது என்று பிறகு அவருக்கே தெரியாமல் போகலாம்.

நுண்கடன் விடயத்தில் இதைத்தானே பார்த்தோம். ஐக்கிய நாடுகள் சபையின் சுயாதீன நிபுணர் ஹுவான் பப்லோ பொஹொஸ்லாவ்ஸ்கி 2018 செப்டெம்பரில் இலங்கைக்கு வந்தபோது, கடன் அறவிட வருகிறவர்கள் பெண்களைத் துன்புறுத்துவதையும் சிலரிடம் பாலியல் இலஞ்சம் கேட்கப்படுவதையும் வெளிப்படையாகச் சொன்னார். அங்கும் பல இடங்களில் தொடக்கம் நல்ல வார்த்தைதான். தவணை பிந்தினால் “பரவாயில்ல, உங்களுக்காக” என்பார்கள். அந்த ‘உங்களுக்காக’ சேர்ந்து சேர்ந்து ஒரு நாள் விலை கேட்கும்.

இனி நாங்கள் செய்ததைச் சொல்கிறேன். வியாபாரியோடு சண்டை பிடிக்கவில்லை. ஏற்பாட்டை மாற்றினோம். சாமான் கொடுப்பது சனிக்கிழமை காலை பத்து மணிக்கும் பன்னிரண்டு மணிக்கும் இடையில், மற்றத் தறி ராத்தா இருக்கும்போது மட்டும். ஒவ்வொரு முறையும் திகதி, எத்தனை சாரி, என்ன விலை, முற்பணத்தில் எவ்வளவு கழிந்தது என்று இரட்டைப் பிரதிப் பற்றுச்சீட்டில் எழுதி இருவரும் கையெழுத்து வைப்பது. இரவுச் செய்திகளுக்குப் பதில் இல்லை. மறுநாள் காலையில் சாரி பற்றிக் கேட்டிருந்தால் அதற்கு மட்டும் பதில். முற்பணத்தில் சாரிக்கு 500 ரூபாவாகக் கழிப்பது. எட்டுச் சாரிக்கு 4,000. ஆக பதினைந்து கிழமையில் கணக்குத் தீரும்.

வெறுமனே தவறாக விளங்கிக்கொண்ட மனிதர் இப்படியான மாற்றத்தைக் கண்டால் கொஞ்சம் வெட்கப்படுவார், பிறகு சரியாகிவிடுவார். தொழில் தொடரும். வேறு எண்ணம் உள்ளவருக்கு இந்த ஏற்பாடே பிரச்சினையாக இருக்கும். சாரியைப் பற்றி அல்ல, பற்றுச்சீட்டைப் பற்றிச் சண்டை பிடிப்பார். பரீட்சித்துப் பார்க்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

முதல் சனிக்கிழமை அவர் வரவில்லை, பையன் ஒருவனை அனுப்பினார். இரண்டாம் கிழமை தானே வந்தார். பற்றுச்சீட்டைப் பார்த்துவிட்டு, “என்னில நம்பிக்கை இல்லாமப் போச்சா?” என்று கேட்டார். சகோதரி தயாராக வைத்திருந்த பதிலைச் சொன்னார்: “நம்பிக்கை இருக்கு காக்கா. இனி எல்லாருக்கும் இப்படித்தான்.” மூன்றாம் கிழமை மஃரிபுக்குப் பிறகு தனியாக வந்து வாசலில் நின்றார். சாரியை எடுக்காமல் முகத்தைப் பற்றிப் பேசத் தொடங்கினார். அப்போது சகோதரி, “காக்கா, யாவாரம் மட்டும் கதைப்பம். மத்தக் கதை எனக்கு விருப்பமில்ல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை, மன்னிப்புக் கேட்கிற தொனியிலும் சொல்லவில்லை. இந்த இரண்டு வாக்கியங்களையும் முதல் நாள் எங்கள் முன்னால் பல தடவை சொல்லிப் பழகியிருந்தார். நமது பெண்கள் இல்லை என்று சொல்லும்போது சிரித்துக்கொண்டே சொல்வார்கள். அந்தச் சிரிப்பைத்தான் எதிரில் நிற்பவர் பதிலாக எடுத்துக்கொள்கிறார்.

“எனக்கு விருப்பமில்ல” என்று ஒரு தடவையாவது தெளிவாகச் சொல்லியிருப்பது சட்டத்துக்கும் தேவைப்படும். 1995 இன் 22 ஆம் இலக்கச் சட்டத்தால் திருத்தப்பட்ட தண்டனைச் சட்டக்கோவையின் 345 ஆம் பிரிவு, வார்த்தையால் செய்யும் பாலியல் தொல்லையையும் குற்றமாகக் கொள்கிறது. ஐந்து வருடம் வரை சிறைத்தண்டனை விதிக்கலாம். வேலைத்தலத்தில் மட்டுமல்ல, வேறு இடங்களில் நடந்தாலும் பொருந்தும். ஆனால் “நிறம் நல்லாருந்த” என்ற ஒரு செய்தியை வைத்துக்கொண்டு பொலிஸுக்குப் போனால் அதிகம் நடக்காது. வேண்டாம் என்று சொன்ன பிறகும் தொடர்ந்தது என்று காட்ட முடிந்தால் கதை வேறு. ஆகவே வெறுப்பில் செய்திகளை அழித்துவிடாதீர்கள். திகதி தெரியும்படி அப்படியே வைத்திருங்கள். கேட்டு ஆலோசனை பெற 1938 என்ற மகளிர் உதவி இலக்கம் இருக்கிறது. பொலிஸ் நிலையத்தில் பெண்கள், சிறுவர் பணியகம் இருக்கிறது. பிரதேச செயலகத்தில் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரையும் கேட்கலாம்.

இந்தச் சகோதரி அவ்வளவு தூரம் போகத் தேவைப்படவில்லை. நான்காம் கிழமை வியாபாரி விலையை 3,200 க்கு இறக்கினார். எட்டுச் சாரியை ஐந்தாகக் குறைத்தார். இரவுச் செய்திகள் நின்றன. ஐந்து சாரிக்குக் கிழமைக்கு 2,500 ரூபாதான் கழியும் என்பதால் முற்பணம் தீரக் கூடுதல் காலம் எடுத்தது. இடையில் ஒரு மாதம் வீட்டில் கஷ்டம்தான், அதை மறைத்து எழுத நான் விரும்பவில்லை. மீதிச் சாரிகளில் இரண்டைச் சாய்ந்தமருதில் ஒரு கடை எடுத்தது. மற்றவற்றை ராத்தாவின் மருமகள் கல்முனையில் ஆசிரியைமாரிடம் தவணைக்குக் கொடுத்தார். அதில் பணம் பிந்தித்தான் வருகிறது.

இப்போது எந்த ஒருவருக்கும் பத்தில் ஐந்துக்கு மேல் கொடுப்பதில்லை என்று அவர் வைத்துக்கொண்டிருக்கிறார். பழைய வியாபாரி இன்னும் சனிக்கிழமைகளில் வருகிறார். ராத்தா தேத்தண்ணி ஊற்றுகிறார். பற்றுச்சீட்டில் கையெழுத்து வைத்துவிட்டு, “தங்கச்சி, அடுத்த பாவுக்குப் பச்சை போடுங்க, கடையில கேக்குறாங்க” என்று சொல்லிவிட்டுப் போகிறாராம்.